எண்பத்தெட்டு வீதக் கள்ளி

எனக்குக் கோவம் வந்தா வாய் முன்னுக்குப் போகும், மூளை அடுத்த பஸ்ஸில வரும். என்ர மனுசன் கலியாணம் கட்டின முதல் வருசமே இதைக் கண்டுபிடிச்சிட்டார். நான் கண்டுபிடிக்கக் கனகாலம் எடுத்தது. அதுகும் ஒரு குறுக்கால போன மெஷினாலதான்.

கிழமை நாளில நான் பள்ளிக்கூடத்தில இங்கிலிஸ் படிப்பிக்கிறன். சனிக்கிழமையில கிளிநொச்சி ரவுணில பெரியாக்களுக்கு ஒரு இங்கிலிஸ் டிப்ளோமா வகுப்பு எடுக்கிறன். இருபத்தாறு பேர். தையல் ஃபக்டரியில நிக்கிறவை, கடை வச்சிருக்கிறவை, ஒஃபிஸில கிளாக்கர்மார், ரெண்டு பிள்ளையைத் தாயோட விட்டிட்டு ஓடி வாற அம்மாமார். எல்லாரும் கிழமை முழுக்க வேலை செய்து களைச்சுப்போய் சனிக்கிழமை வந்து இருக்கிற ஆக்கள். அதால நானும் கொஞ்சம் இரக்கமாத்தான் நடப்பன் எண்டு என்ர நினைப்பு. பிள்ளையளைக் கேட்டா வேற கதை சொல்லுவினம்.

போன வருசம் ஒரு அசைன்மென்ட் குடுத்தன். ‘நான் வாழும் இடத்தில் தண்ணீர்’, இங்கிலிஸில எண்ணூறு சொல்லு. எல்லாரும் ரைப் பண்ணி அனுப்பினவை. அந்தக் கிழமைதான் எங்கட வகுப்புக்குப் பொறுப்பான சேர் போன் குறூப்பில ஒரு லிங்க் போட்டார். “ஏஐ எழுதினதோ ஆள் எழுதினதோ எண்டு இது சொல்லும். இனி எல்லா அசைன்மென்டையும் இதில போட்டுப் பாருங்கோ. சந்தேகமான ஆக்களின்ர பெயரை வாற திங்கள் விட்டு அடுத்த திங்களுக்கிடையில அனுப்போணும்” எண்டு. பெயர் போனா அந்த ஆள் அந்தமுறை சோதினை எழுதேலாது. அடுத்த சோதினைக்கு ஒரு வருசம் காத்திருக்கோணும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில லப்டொப்பை வச்சுக்கொண்டு ஒண்டொண்டாப் போட்டன். உண்மையைச் சொல்லுறன், எனக்கு அது நல்ல விளையாட்டாப் போச்சு. ஒரு கட்டுரையைப் போட்டா ஒரு வட்டம் சுத்தும், பிறகு ஒரு நம்பர் வரும். முப்பத்தொண்டு. பன்னிரண்டு. ஐம்பத்தாறு. ஒஃபிஸில வேலை செய்யிற ஒரு கிளாக்கருக்கு நாலு வீதம்! ஆகா, எவ்வளவு நேர்மையான மனுசன் எண்டு நினைச்சன். இடைக்கிடை பிழையள் இருந்தது, அதுகும் எனக்குப் பிடிச்சிருந்தது.

அப்பதான் ஒண்டு சிவப்பாச் சுத்தி நிண்டது. எண்பத்தெட்டு வீதம் ஏஐ.

ஆரெண்டு பாத்தா, அக்கராயனிலயிருந்து வாற பிள்ளை. பிள்ளை எண்டு நான் சொல்லுறன், ஆளுக்கு முப்பத்திநாலு வயசு. பளைப் பக்கம் மிதிவெடி அகற்றிற வேலை செய்யிறா. விடிய முதல் வாகனம் வந்து ஏத்திக்கொண்டு போகும், வெயில் ஏற முதல் வேலை தொடங்கோணுமாம். பின்வாங்கில இருந்து, கேட்டாத்தான் வாய் திறப்பா. நான் அவாவில நல்ல விருப்பமா இருந்தனான், அதாலதான் கோவம் ரெண்டு மடங்கா வந்தது. “இவளையுமோ!” எண்டு நான் போட்ட சத்தத்தில மனுசன் தேத்தண்ணியோட எட்டிப் பாத்தார்.

அடுத்தநாள் வகுப்பில நான் செய்ததை இப்ப நினைச்சாலும் எனக்கு முகம் சுடும்.

முதலில அந்தக் கிளாக்கரை எழுப்பினன். “பாருங்கோ, நாலு வீதம். சொந்தமா எழுதினா இப்பிடித்தான் வரும்” எண்டு எல்லாரையும் கை தட்ட வச்சன். மனுசன் நெளிஞ்சுகொண்டு நிண்டார். அடக்கமான ஆள் எண்டு அதுக்கும் நான் ஒரு புள்ளி போட்டன், மனசுக்குள்ள. பிறகு பின்வாங்கைப் பாத்து, “நீர் எழும்பும்” எண்டன்.

அவா எழும்பினா.

“உம்மட கட்டுரை எண்பத்தெட்டு வீதம் ஏஐ எழுதினது எண்டு வந்திருக்கு. என்ன சொல்லுறீர்?”

“நான்தான் எழுதினனான் ரீச்சர்.”

“மெஷின் பொய் சொல்லுமோ?”

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பாத்துக்கொண்டிருந்தது. முன்வாங்கில ஒரு பொம்பிளைப்பிள்ளை “ச்சிக்” எண்டு நாக்கடிச்சது கேட்டது. அந்தப் பின்வாங்குக்காரியின்ர முகம் செத்துப்போச்சு. நான் அதைக் களவு பிடிபட்ட முகம் எண்டு வாசிச்சன். என்ர வாசிப்பு அவ்வளவுதான்.

இடைவேளைக்கு எல்லாரும் தேத்தண்ணிக்குப் போக, அவா மட்டும் என்ர மேசைக்கு வந்தா. அழப்போறா எண்டு நினைச்சு நான் அதுக்கு ஆயத்தமா இறுக்கமா இருந்தன். அவா அழேல்லை.

“ரீச்சர், ஒண்டு கேக்கட்டோ? அந்த மெஷினைத் தொடங்க முதல் எதில வச்சுச் சோதிச்சனீங்கள்?”

“என்ன சோதிக்கிறது?”

“எங்களுக்கு இரும்பு தேடுற மெஷினைத் தந்தா உடனே காணிக்குள்ள கொண்டு போகேலாது ரீச்சர். ஒவ்வொரு நாள் காலமையும் முதல் ஒரு துண்டு நிலத்தில வச்சுப் பாக்கோணும். நிலத்துக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு ஆழம் எண்டு எங்களுக்குத் தெரிஞ்ச துண்டு. அங்க இருக்கிற இரும்புக்கு மெஷின் கத்தோணும். ஒண்டும் இல்லாத இடத்தில கத்தக் கூடாது. அது சரியாச் செய்தாத்தான் அண்டைக்கு அந்த மெஷினை நம்புவம்.”

“சரி. பிறகு?”

“பிறகும் முழுசா நம்பமாட்டம்” எண்டா.

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வந்தது, காட்டேல்லை. கதிரையைக் காட்டி இரும் எண்டன்.

“அது கத்தினா இரும்பு இருக்கெண்டுதான் அர்த்தம். மிதிவெடி எண்டு இல்லை. ஆணி இருக்கும், முள்ளுக்கம்பித் துண்டு இருக்கும், ஷெல் பீஸ் இருக்கும், சோடா மூடி இருக்கும். ஒரு நாளைக்கு எத்தினைதரம் கத்தும் எண்டு நினைக்கிறியள்? கத்தின இடமெல்லாம் வெடி எண்டு எழுதிக் குடுத்தா அந்தக் காணிச் சனம் இந்தப் பிறப்பில வீடு கட்டாது. அதுக்காக ஆணிதான் எண்டு மிதிச்சுக்கொண்டு போகவும் ஏலாது. அடையாளம் வச்சிட்டு, குந்தியிருந்து, பக்கத்தாலயிருந்து மெல்ல மெல்லக் கிளறுவம். கண்ணால கண்ட பிறகுதான் அது என்னெண்டு சொல்லுவம்.”

“கத்தாத இடம்?”

“அதுதான் ரீச்சர் பயம். சில வெடியில இரும்பு கொஞ்சம்தான். சத்தம் வரும் வராத மாதிரி இருக்கும். சத்தம் இல்லையெண்டு துள்ளிக்கொண்டு போன ஆள் நாளைக்கு வேலைக்கு வராது.”

இதைச் சொல்லிப்போட்டு எழும்பி நிண்டா. அப்பதான் குரல் கொஞ்சம் உடைஞ்சது. “நாங்கள் நிக்கிற காணி வாற வருசத்தோட முடியுது. பிறகு எங்களில கனபேருக்கு வேலை இல்லை. ஒஃபிஸில றிப்போட் எழுத ஒரு ஆளை எடுக்கினமாம், இந்த சேர்ட்டிபிக்கேட் கேக்கினம். நான் செய்த களவுக்கெண்டா நிப்பாட்டுங்கோ. ஆனா என்னை ஒருக்காக் கிளறிப் பாத்திட்டு நிப்பாட்டுங்கோ ரீச்சர்.”

வெடி முடியிறதால வேலை முடியிற ஊர் எங்கட ஊர். சந்தோசப்படுறதோ கவலைப்படுறதோ எண்டு தெரியாம நான் இருந்தன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோத்தைச் சாப்பிட்டிட்டு அலுமாரியைக் கிண்டினன். இந்த ஏஐ எண்ட பேச்சே இல்லாத காலத்தில நான் டிப்ளோமா படிக்கேக்க எழுதின கட்டுரை ஒண்டு இருந்தது. மஞ்சளாப் போன தாள், என்ர கையெழுத்து, விரிவுரையாளர் சிவப்பு மையால ‘மிக நன்று’ எண்டு எழுதினதும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச துண்டு. எவ்வளவு ஆழத்தில என்ன கிடக்கெண்டு எனக்கு வடிவாத் தெரியும். ஒரு சொல்லு மாத்தாம ரைப் பண்ணி மெஷினுக்குள்ள போட்டன்.

வட்டம் சுத்திச்சு. தொண்ணூற்றாறு வீதம்.

“அட நாசமாப் போறதே!” எண்டு கத்தினன். மனுசன் ஓடிவந்து பாத்தார். பாத்திட்டு, முகத்தில ஒரு சிரிப்பும் இல்லாம, “அப்ப உம்மட டிப்ளோமாவைத் திருப்பிக் குடுக்கோணுமோ?” எண்டு கேட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு லப்டொப்பால எறிஞ்சிருப்பன், ஆனா தவணைக் காசு இன்னும் கட்டி முடியேல்லை.

பிறகு ஏஐயிட்ட அதே தண்ணீர்த் தலைப்பைக் குடுத்து எழுதச் சொன்னன். மெஷின் தொண்ணூற்றொன்பது எண்டுது. சரி, இது சரி. பேந்து அதே ஏஐயிட்ட, “இதைக் கொஞ்சம் கோணல்மாணலா, பிழை விட்டு எழுதித் தா” எண்டன். அதுவும் மரியாதையா எழுதித் தந்தது. மெஷினில போட்டன். ஒன்பது வீதம்! முழுக் களவுக்கு ஒன்பது, என்ர வேர்வைக்குத் தொண்ணூற்றாறு.

அதுக்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தின்ர அடியில எறும்பு ஊர்ற மாதிரிச் சின்ன எழுத்தில கிடந்ததை வாசிச்சன். இது ஒரு சாத்தியக்கூற்று மதிப்பீடு மட்டுமே, இதை மட்டும் வைத்து ஒருவருக்கு எதிராக முடிவெடுக்க வேண்டாம் எண்டு அவையே எழுதி வச்சிருக்கினம். பிள்ளையளுக்கு ‘வினாவை முழுதாக வாசிக்கவும்’ எண்டு வருசக்கணக்காக் கத்துற வாய் என்ர வாய்.

நான் என்ன நினைச்சிருந்தன் எண்டா, எண்பத்தெட்டு எண்டால் ஏதோ ரத்தத்தில சீனி அளக்கிற மாதிரி, கட்டுரைக்குள்ள களவு எண்பத்தெட்டுப் பங்கு இருக்கெண்டு. அது அளவில்லை, அனுமானம். அந்த மெஷின் எழுதின ஆளைக் காணாது. எழுத்து எப்பிடி இருக்கெண்டுதான் பாக்கும். அடுத்த சொல்லு என்னவா இருக்கும் எண்டு லேசா ஊகிக்கக்கூடிய மாதிரி, சமனா, வழுக்கிக்கொண்டு போற எழுத்தெண்டால் ‘இது ஏஐயின்ர மாதிரி இருக்கு’ எண்டு நம்பரைக் கூட்டும். அது சொல்லுறது முழுக்கச் சரியெண்டு வச்சாலும், எண்பத்தெட்டு வந்த நூறு கட்டுரையில பன்னிரண்டு கட்டுரை மனுசர் எழுதினதா இருக்கும். அந்தப் பன்னிரண்டில ஒண்டு அக்கராயன்காரியின்ரதோ எண்டு மெஷினுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுகும் அந்தக் கணக்கு, மெஷின் பழகின எழுத்துக்குத்தான். வேற பாஷையில பிறந்து, ஒரே ரீச்சரிட்ட, ஒரே மாதிரி எழுதப் பழகின எங்கட இருபத்தாறு பேருக்கு அந்தப் பன்னிரண்டு எத்தினையா ஏறும் எண்டு ஆர் கண்டது?

ஒரே ரீச்சரிட்ட எண்டு நினைச்ச உடனே லப்டொப்பை மூடிப்போட்டன். அந்த ரீச்சர் ஆர்? நான்தானே.

அடுத்த சனிக்கிழமைக்கு, கட்டுரை எழுதிப் பாத்த கொப்பியளைக் கொண்டரச் சொல்லி எல்லாருக்கும் போனில போட்டன். எண்பத்தெட்டை மட்டும் கூப்பிட்டால் அது பழையபடி விரல் நீட்டினதாப் போகும். கத்தின இடம், கத்தாத இடம் ரெண்டையும் பாக்கிறதெண்டு முடிவு. ஒவ்வொரு ஆளையும் பக்கத்தில இருத்தி, கட்டுரையில ரெண்டு கேள்வி கேட்டு, அதில ஒரு பந்தியை எனக்கு முன்னாலயே புதுசா எழுத வச்சன். இருபத்தாறு பேர். மத்தியானம் கழிஞ்சு பின்னேரமாப் போச்சு, தொண்டை அடைச்சுப்போச்சு.

நாலு வீதக் கிளாக்கர் வந்து இருந்தார். அவற்ற கட்டுரையில ஒரு சொல்லைக் காட்டி, “இதுக்கு என்ன கருத்து?” எண்டன். மனுசன் மேல பாத்தார், ஃபானைப் பாத்தார், கீழ பாத்தார். பிறகு, “ரீச்சர், நீங்கள் கை தட்ட வச்ச நாள் தொடக்கம் எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை” எண்டார். ஏஐயைக் கொண்டு எழுதுவிச்சு, அதிட்டயே நாலைஞ்சு பிழை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டவராம். அந்தப் பிழையளைத்தான் நான் நேர்மையெண்டு மெச்சினது! எனக்குக் கோவம் வரப் பாத்தது. ஆனா என்ர முட்டாள்தனம் அதைவிடப் பெரிசா முன்னால நிண்டதால கோவத்துக்கு வழி கிடைக்கேல்லை. அந்தக் கட்டுரைக்குப் புள்ளி இல்லை, அண்டைக்கே இருந்து வேற தலைப்பில எழுதும் எண்டன். எழுதினார். நாப்பத்தொன்பது புள்ளிக்கு எழுதினார், அதுகும் அவற்ற சொந்தப் புள்ளி.

கடைசியா அவா வந்தா. ஒரு தடிச்ச சீ.ஆர். கொப்பியை மேசையில வச்சா. மண் பிடிச்ச மட்டை. திறந்தா மூண்டுதரம் எழுதி, வெட்டி, திரும்ப எழுதின பக்கங்கள். கொப்பியில இருக்கிறதும் ஏஐயைப் பாத்து எழுதினதா இருக்கலாம் எண்டு இப்ப என்ர மூளை ஒரு பஸ் முந்தியே வந்து சொன்னது, அதால எல்லாருக்கும் போல அவாவையும் முன்னால எழுத வச்சன். கேள்வியும் கேட்டன். குளத்துக் கதவு திறந்தா எந்த வாய்க்காலுக்கு முதல் தண்ணி போகும் எண்டதில தொடங்கி, நான் நிப்பாட்டுமட்டும் சொன்னா, இங்கிலிஸிலயே. முன்னால இருந்து எழுதின பந்தியும் கட்டுரையும் ஒரே கைதான்.

பிறகு முதல்தரம் எழுதின பக்கத்தை வாசிச்சன். அதில ஒரு வசனம். அக்கராயன் குளம் நிரம்பின நாளில தகப்பன் வேலைக்குப் போகாமல், சாறத்தை மடிச்சுக்கட்டிக்கொண்டு, குளக்கட்டில நிண்டு பின்னேரம் வரைக்கும் தண்ணியையே பாத்துக்கொண்டிருப்பாராம். அதை நேரா ஒரு கோடு போட்டு வெட்டியிருந்தா. அதுக்கு மேல இங்கிலிஸில எழுதியிருந்தது இதுதான்: ‘இன்றைய நவீன உலகில் நீர் இன்றியமையாத பங்கு வகிக்கிறது.’

“ஏன் பிள்ளை இதை வெட்டினனீர்?”

“நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள், சோதினைக்குச் சொந்தக் கதை எழுதாதேங்கோ, மொடல்படி எழுதுங்கோ எண்டு.”

ஓம். நான்தான் சொன்னனான். இருபது வசனத்தைப் போட்டோக்கொப்பி அடிச்சுக் குடுத்துப் பாடமாக்க வச்சதும் நான்தான். நான் படிச்ச காலத்தில எனக்கு ஒராள் தந்த அதே இருபது வசனம். எல்லாரும் எழுதுற வசனம், அதால ஏஐயும் எழுதுற வசனம். நான் சொன்னதைச் சொன்னபடி செய்த பிள்ளைக்கு எண்பத்தெட்டு, நான் சொன்னதைக் காதில விழுத்தாத ஆக்களுக்குப் பன்னிரண்டு, முப்பத்தொண்டு. அந்த எண்பத்தெட்டும் என்ரதான். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. தூசி எண்டு சொல்ல வாயெடுத்தன், பிறகு பொய் சொல்லாமல் விட்டன்.

எல்லாருக்கும் முன்னால சொன்னதை எல்லாருக்கும் முன்னாலதான் திருப்பி எடுக்கோணும். வகுப்பு முடியிற நேரம் எழும்பி நிண்டு, “போன கிழமை நான் சொன்னது பிழை. அவாதான் எழுதினவா. நான் கேக்காமல், பாக்காமல் ஒரு நம்பரை வாசிச்சிட்டுக் கதைச்சனான். எனக்கு மன்னிப்புத் தாரும்” எண்டன். முன்வாங்கில நாக்கடிச்சவள் இந்தமுறை குனிஞ்சுகொண்டாள். அவா எழும்பி, “பரவாயில்லை ரீச்சர், எங்களுக்கும் புதுசா வாற ஆக்கள் முதல் சத்தத்துக்கே ஓடுவினம்” எண்டா. கிளாக்கர்தான் முதல் சிரிச்சது.

வெளியில வரேக்க சைக்கிளை உருட்டிக்கொண்டு அவாவோட றோட்டு வரைக்கும் நடந்தன். “ஒரு காணி முடிஞ்சுதெண்டு எப்பிடிச் சனத்தை நம்ப வைக்கிறது?” எண்டு சும்மா கேட்டன்.

“கடுதாசி குடுப்பினம். ஆனா சனம் கடுதாசியைப் பாக்காது ரீச்சர். துப்புரவாக்கின நாங்களே அதுக்குள்ள நடந்து காட்டுவம். அதுக்குப் பிறகுதான் காணிக்காரர் கால் வைப்பினம்.”

திங்கட்கிழமை பட்டியல் அனுப்பினன். சந்தேகமான பெயர் எண்ட இடத்தில ஒண்டும் எழுதேல்லை. கிளாக்கரின்ர கதையை மட்டும், அவரே ஒத்துக்கொண்டார், திரும்ப எழுதினார் எண்டு, மெஷின் சொன்ன வீதத்தைச் சொல்லாமல் எழுதினன். பின்னேரம் பொறுப்பான சேர் போன் எடுத்தார். அவரும் அந்தக் கட்டுரையளை மெஷினில போட்டுப் பாத்திருக்கிறார்.

“ரீச்சர், இஞ்ச ஒராளுக்கு எண்பத்தெட்டு வீதம் எண்டு காட்டுது. நீங்கள் சோதினைக்கு விடலாம் எண்டு சைன் வச்சிருக்கிறியள்.”

“ஓம் சேர். எண்பத்தெட்டு எண்டால் போய்ப் பார் எண்டு அர்த்தம். போய்ப் பாத்தனான். நாலு வந்த இடத்தையும் பாத்தனான்.”

“நாளைக்கு ஏதும் பிரச்சினை வந்தா?”

“என்ர கட்டுரைக்குத் தொண்ணூற்றாறு வந்தது சேர். விரும்பினா என்ர பெயரையும் பட்டியலில போடுங்கோ.”

அவர் சிரிக்கேல்லை. “பகிடி விடாதேங்கோ. ஆர் பொறுப்பு எண்டுதான் கேக்கிறன்.”

எனக்கு அந்த நேரம் கோவம் வரேல்லை, அதுதான் அதிசயம்.

“நான்தான் பொறுப்பு சேர்” எண்டன். “கிளறிப் பாத்திட்டன், நடந்தும் பாத்திட்டன். நீங்கள் பயப்பிடாமல் கால் வையுங்கோ.”